காப்பீட்டு முகவரின் நான்கு வரித் தவணைகள்: மதிப்பீடு எங்கே தவறுகிறது?

2025 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு முகவர்களின் கமிஷனில் பிடிக்கப்படும் டிடிஎஸ் 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. மாதாமாதம் வங்கிக்கு வரும் தொகை அந்த அளவுக்குக் கூடியது. ஆனால் ஆண்டு முடிவில் கட்ட வேண்டிய வரி இதனால் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. முன்பு நிறுவனமே பிடித்துக் கட்டிவிட்ட பங்கை இனி முகவரே கணித்து, தவணை பார்த்துக் கட்டியாக வேண்டும். சுயதொழில் செய்கிறவர் எதிர்பார்க்கும் வரவையும் செலவையும் வைத்து வரித் தவணையை எப்படி மதிப்பிடுவது, பற்றாக்குறையை எப்படி முன்னரே கண்டுகொள்வது என்ற கேள்விக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். காரணம் சட்டத்திலேயே இருக்கிறது.

மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காளர் போன்ற குறிப்பிட்ட தொழில்முறையாளர்கள் 2025-26 நிதியாண்டுவரை பொருந்திய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவின்படி மொத்த வரவில் பாதியை வருமானம் என்று காட்டலாம். சிறு வணிகர்களுக்கு 44ஏடி பிரிவு இருக்கிறது. இந்த இரண்டு வழிகளில் எதை எடுத்தாலும் முன்கூட்டிய வரி முழுவதையும் மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டிவிட்டால் போதும். கமிஷனோ தரகோ சம்பாதிப்பவர்களை 44ஏடி வெளிப்படையாகவே விலக்குகிறது. 44ஏடிஏவின் தொழில் பட்டியலிலும் அவர்கள் இல்லை. ஆகவே காப்பீட்டு முகவர் உண்மையான வரவு செலவு எழுதி, நான்கு தவணைக்கும் கட்டுப்பட்டவர். ஓய்வுபெற்ற பிறகு முகவரானவர்கள் பலர் ‘மூத்த குடிமக்களுக்கு முன்கூட்டிய வரி கிடையாதே’ என்று நினைத்திருக்கிறார்கள். அந்த விலக்கு தொழில் வருமானமே இல்லாத 60 வயது கடந்தவர்களுக்கு மட்டும்தான். கமிஷன் வந்தால் விலக்கு போய்விடும்.

விதி சுருக்கமானது. ஆண்டின் மொத்த வரியில் டிடிஎஸ் போக மீதி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அந்த மீதியில் ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் 100 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். இவை திரண்ட அளவுகள். செப்டம்பரில் 45 என்றால் ஜூனில் கட்டியதையும் சேர்த்துத்தான். தனிநபர்களுக்கு முன்பு செப்டம்பர், டிசம்பர், மார்ச் என மூன்று தவணைகளே இருந்தன. ஜூன் தவணை 2016இல் சேர்ந்தது.

ஒரு கணக்கு, ஜூனில்

2025-26 நிதியாண்டை எடுத்துக்கொள்வோம். மதுரையில் ஒரு முகவர் என்று வைத்துக்கொள்ளலாம். புதிய வரி முறையில் இருக்கிறார். ஜூனில் உட்கார்ந்து, இந்த ஆண்டு கமிஷன் 18 லட்சம் வரும் என்று எழுதுகிறார். அலுவலக வாடகை, உதவியாளர் சம்பளம், பெட்ரோல், தொலைபேசி, காலண்டர் எல்லாம் சேர்த்துச் செலவு 3,60,000. வைப்புநிதி வட்டி 60,000. ஆக வருமானம் 15 லட்சம்.

புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதன் பிறகு 24 லட்சம் வரை ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று ஏறும். அதற்கு மேல் 30. பதினைந்து லட்சத்துக்கு வரி 1,05,000. 4 சதவீத செஸ் சேர்த்தால் 1,09,200. இதில் கமிஷனுக்கான டிடிஎஸ் 36,000, வட்டிக்கான டிடிஎஸ் 6,000 கழித்தால் மீதி 67,200. அதில் 15 சதவீதமான 10,080 ரூபாயை ஜூனில் கட்டுகிறார்.

பழைய 5 சதவீத டிடிஎஸ் இருந்திருந்தால் இதே வருமானத்துக்கு மீதி வெறும் 13,200. பல முகவர்கள் இதுவரை தவணைத் தேதிகளைப் பொருட்படுத்தாமலே தப்பித்ததற்கும், இனி தப்பிக்க முடியாததற்கும் காரணம் இந்த ஒரு வித்தியாசம்தான்.

ஆண்டு முடிகிறது. எதிர்பார்த்த 18 லட்சத்துக்குப் பதில் கமிஷன் 22 லட்சம்; செலவு 4 லட்சம். வட்டியோடு வருமானம் 18,60,000. வரி, செஸ் சேர்த்து 1,78,880. டிடிஎஸ் 50,000 போக மீதி 1,28,880. கமிஷன் கூடியது 22 சதவீதம். அவரே கட்ட வேண்டிய தொகை கூடியதோ 92 சதவீதம். கூடுதலாக வந்த ஒவ்வொரு நூறு ரூபாயும் 15, 20 சதவீதப் படிகளில் விழுகிறது. அதில் 2 ரூபாயைத்தான் நிறுவனம் பிடிக்கிறது. மற்றதெல்லாம் முகவரின் தலையில். வரவு மதிப்பீட்டில் நேரும் சிறு பிழை தவணையில் பல மடங்காகத் தெரிவது இதனால்தான்.

அடுத்ததுதான் பலருக்கும் எரிச்சலூட்டும் இடம். ஜூனில் கட்டியது போதுமா என்பதைச் சட்டம் ஜூனில் தெரிந்த வருமானத்தை வைத்துப் பார்ப்பதில்லை. மார்ச்சில் முடிந்த கணக்கை வைத்துப் பார்க்கிறது. 1,28,880இல் 15 சதவீதம் 19,332. அவர் கட்டியது 10,080. மார்ச் மாதத்தில் விற்ற பாலிசியின் கமிஷனுக்கு ஜூன் மாதமே தவணை கட்டவில்லை என்று வட்டி வந்து நிற்கும்.

மூலதன ஆதாயம், டிவிடெண்ட், லாட்டரிப் பரிசு, முதன்முறையாகத் தொடங்கிய தொழிலின் வருமானம் ஆகியவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றால் பற்றாக்குறை நேர்ந்தால், வருமானம் வந்த பிறகு மிச்சமுள்ள தவணைகளிலோ, தவணை ஏதும் மிச்சமில்லாவிட்டால் மார்ச் 31க்குள்ளோ கட்டினால் வட்டி கிடையாது. இரண்டாம் ஆண்டு முகவருக்கு அந்தச் சலுகை இல்லை.

வட்டி எவ்வளவு, எப்போது

234-சி பிரிவு தவணை தாழ்ந்ததற்கு. முதல் மூன்று தவணைகளில் குறைந்த தொகைக்கு மாதம் 1 சதவீதம் வீதம் மூன்று மாத வட்டி. மார்ச் தவணைக்கு ஒரு மாத வட்டி. ஒரு நாள் தாமதித்தாலும் மூன்று மாதம்தான். ஆகவே ஜூன் 15இல் விட்டதை 20ஆம் தேதி அவசரமாகக் கட்டுவதால் அந்தத் தவணையின் வட்டி குறையாது.

234-பி பிரிவு ஆண்டு மொத்தத்துக்கு. டிடிஎஸ் போக உள்ள வரியில் 90 சதவீதம் மார்ச் 31க்குள் கட்டப்படவில்லை என்றால், ஏப்ரல் முதல் கட்டும் மாதம் வரை குறைந்த தொகைக்கு மாதம் 1 சதவீதம்.

நம் முகவர் ஜூன் மதிப்பீட்டைத் திருத்தாமலே ஆண்டு முழுக்க 67,200ஐ மட்டும் நான்காகப் பிரித்துக் கட்டினார் என்றால் 234-சி வட்டி ஜூனுக்கு 276, செப்டம்பருக்கு 831, டிசம்பருக்கு 1,386, மார்ச்சுக்கு 616. மொத்தம் 3,109 ரூபாய். நூறுக்குக் கீழ் உள்ள சில்லறையைத் தள்ளிவிட்டுத்தான் வட்டி போடுவார்கள். மீதி 61,680ஐ ஜூலை இறுதியில் கட்டினால் 234-பிக்கு நான்கு மாதம், 2,464. இரண்டும் சேர்ந்து 5,573.

இந்தத் தொகையைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை. ஆண்டுக்கு 12 சதவீதத் தனிவட்டிதான். கிரெடிட் கார்டு பாக்கிக்கு ஆகும் வட்டியைவிட மிகக் குறைவு. உண்மையான அடி வேறு இடத்தில் விழுகிறது. மார்ச் கமிஷனைச் செலவழித்துவிட்ட பிறகு, ஜூலையில் அறுபதாயிரத்துக்கு மேல் ரொக்கமாகத் தேட வேண்டிவருகிறது. எச்சரிக்கை வேண்டியது முக்கியமாக அதற்காகத்தான்.

மாதத்தால் வகுத்தால் தவறும்

மதிப்பீட்டில் அடிக்கடி நடக்கும் பிழை, இதுவரை வந்ததை மாதங்களால் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்குவது. நம் முகவருக்கு நவம்பர் இறுதிவரை 12,60,000 வந்திருக்கிறது. எட்டு மாதம். வகுத்துப் பெருக்கினால் ஆண்டுக்கு 18,90,000. ஜூனில் எழுதிய 18 லட்சம் கிட்டத்தட்டச் சரி என்று தோன்றும், நிம்மதியாகிவிடுவார்.

காப்பீட்டுத் தொழிலில் வரவு அப்படிச் சீராக வருவதில்லை. வரிச் சேமிப்புக்காக வாடிக்கையாளர்கள் பாலிசி எடுப்பதும், நிறுவனங்கள் ஆண்டு இலக்கை முடிக்கத் துரத்துவதும் ஜனவரி முதல் மார்ச் வரைதான். ஆகவே சென்ற ஆண்டின் கமிஷன் பட்டியலை எடுத்து, நவம்பர் இறுதிவரை ஆண்டு மொத்தத்தில் எத்தனை சதவீதம் வந்திருந்தது என்று பார்க்க வேண்டும். அது 60 சதவீதம் என்றால், இந்த ஆண்டு மதிப்பீடு 12,60,000ஐ 0.60ஆல் வகுத்தால் வருவது: 21 லட்சம். முடிவில் வந்த 22 லட்சத்துக்கு இது எவ்வளவோ நெருக்கம். இரண்டு மூன்று ஆண்டுப் பட்டியல் இருந்தால் சராசரி எடுக்கலாம். ஒரே ஆண்டில் பெரிய ஒற்றைப் பாலிசி ஒன்று வந்திருந்தால் அதை நீக்கிவிட்டுப் பார்ப்பது நல்லது.

டிசம்பரில் இப்படித் திருத்தினால் என்ன ஆகும்? கமிஷன் 21 லட்சம், செலவு 4 லட்சம், வட்டி 60,000, வருமானம் 17,60,000. வரி 1,58,080, டிடிஎஸ் 48,000, மீதி 1,10,080. அதில் 75 சதவீதம் 82,560. செப்டம்பர்வரை கட்டிய 30,240 போக இப்போது 52,320 கட்ட வேண்டும். மார்ச் 15க்குள் மிச்சத்தையும் சரிபார்த்துக் கட்டிவிட்டால் 234-பி அடியோடு போய்விடும். டிசம்பர் வட்டி 423 ஆகக் குறையும். ஜூன், செப்டம்பர் பழி 276, 831 மட்டும் மிஞ்சும். மொத்தம் 1,530.

எச்சரிக்கைக் கோடு எங்கே போடுவது

ஜூனுக்கும் செப்டம்பருக்கும் சட்டம் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. ஜூனில் 12 சதவீதமும் செப்டம்பரில் 36 சதவீதமும் கட்டியிருந்தால் வட்டி கிடையாது. அதாவது மதிப்பீடு உண்மையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தாலும் பரவாயில்லை. நம் முகவர் ஜூனிலேயே 21 லட்சக் கணக்கைப் போட்டிருந்தால் 16,512 கட்டியிருப்பார். உண்மையான 12 சதவீதம் 15,466தான், வட்டியே வந்திருக்காது. செப்டம்பரிலும் அப்படியே. ஆனால் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இந்தச் சலுகை இல்லை. 75 என்றால் 75.

ஆகவே ஒரே கோடு போதாது. கணினித் தாளில் வைத்திருப்பவர்கள் கீழ்க்கண்டபடி எழுதலாம். B1 எதிர்பார்க்கும் கமிஷன், B2 செலவு, B3 பிற வருமானம், B4 மொத்த வருமானம், B6 டிடிஎஸ். புதிய முறையில் ஒவ்வொரு படியும் 5 சதவீதமே ஏறுவதால் வரிக் கணக்கு ஒரே வரியில் அடங்கிவிடுகிறது:

```
B4: =B1-B2+B3
B5: =ROUND(1.04*IF(B4<=1200000,0,MIN(B4-1200000,
    0.05*SUMPRODUCT((B4>{400000,800000,1200000,1600000,2000000,2400000})
    *(B4-{400000,800000,1200000,1600000,2000000,2400000})))),0)
B7: =MAX(0,B5-B6)
```

இது 2025-26க்கான விகிதம். 50 லட்சத்துக்கு மேல் சர்சார்ஜ் வருவதால் அதுவரைதான் செல்லும். B8இல் இதுவரை கட்டிய தவணைத் தொகையை எழுதினால், செப்டம்பர் எச்சரிக்கை:

```
=IF(B7<10000,"தவணை இல்லை",IF(B8>=0.45*B7,"சரி",
 IF(B8>=0.36*B7,"வட்டி இல்லை, விளிம்பில்","பற்றாக்குறை")))
```

ஜூனுக்கு 0.15, 0.12 என்று மாற்றிக்கொள்ளலாம். டிசம்பருக்கு நடுக்கோட்டை எடுத்துவிட வேண்டும். மார்ச்சுக்கு 100க்குக் கீழே 90இல் இன்னொரு கோடு. அதற்குக் கீழ் இறங்கினால் 234-பி தொடங்கும். அதோடு B1ஐப் பத்து சதவீதம் கூட்டி ஒரு நகலும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நகலில் ‘பற்றாக்குறை’ வந்தால் அதுதான் உண்மையான முன்னெச்சரிக்கை.

இந்த நகல் மிகவும் தேவைப்படுவது 12 லட்சத்தை ஒட்டி இருப்பவர்களுக்கு. வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடியால் வரியே இல்லை. பதினொன்றரை லட்சம் என்று மதிப்பிட்டவர் எதையும் கட்டமாட்டார். கட்டத் தேவையும் இல்லை. ஆண்டு முடிவில் அது 12,80,000 ஆனால் வரி திடீரென்று 74,880. டிடிஎஸ் முப்பதாயிரம் போனாலும் 44,880 நிற்கும், நான்கு தவணையும் தவறியதாக. சூத்திரத்தில் உள்ள MIN, 12 லட்சத்தைச் சற்றே தாண்டியவர்கள் தாண்டிய தொகைக்கு மேல் வரி கட்ட வேண்டாம் என்ற சலுகைக்கானது. 12,80,000க்கு அந்தச் சலுகை எட்டாது.

செலவும் டிடிஎஸ்ஸும்

வரவு மதிப்பீடு தவறினால் ஆண்டு முடிவில் தானே தெரிந்துவிடும். செலவில் உள்ள பிழை நோட்டீஸ் வரும்வரை தெரியாது. முகவர் தொழிலில் எல்லோரும் அறிந்த ஒரு பழக்கம் உண்டு: பாலிசி எடுக்க வைப்பதற்காக முதல் பிரீமியத்தில் ஒரு பகுதியை முகவரே போட்டுவிடுவது. 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவு கமிஷனில் இப்படித் தள்ளுபடி தருவதைத் தடை செய்கிறது. சட்டம் தடுத்ததற்குச் செய்த செலவை வருமான வரியில் கழிக்க முடியாது. ஆனால் முகவரின் மனக்கணக்கில் அது கையை விட்டுப்போன காசு. செலவுப் பட்டியலில் தானாக ஏறிவிடுகிறது. அப்படி ஒரு லட்சத்தைச் செலவென்று எழுதியவர், 20 சதவீதப் படியில் இருந்தால், செஸ்ஸோடு 20,800 ரூபாய் வரியைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறார். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவும், வீட்டுக்கும் ஓடும் வண்டியின் முழுப் பெட்ரோலும் இதே கதைதான்.

டிடிஎஸ் பக்கம் இன்னொரு சிக்கல். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பிடித்தத்துக்கு நிறுவனம் அறிக்கை தர ஜூலை 31 வரை அவகாசம் இருக்கிறது. ஆகவே ஜூன் 15 அன்று படிவம் 26ஏஎஸ்ஸைத் திறந்து பார்த்து ‘ஒன்றுமே ஏறவில்லை’ என்று பயப்பட வேண்டாம். கமிஷன் பில்லில் உள்ள பிடித்தத்தை எடுத்துக்கொள்ளலாம். டிசம்பர், மார்ச் கணக்குக்கு முன் மட்டும் இரண்டையும் ஒப்பிட வேண்டும். பிடித்திருக்க வேண்டிய டிடிஎஸ்ஸை நிறுவனம் பிடிக்காமல் விட்டிருந்தால், அதையும் தவணைக் கணக்கில் கழிக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

மார்ச் கடைசி வாரக் கமிஷன் ஏப்ரலில் வங்கிக்கு வரும். நிறுவனம் அதை மார்ச்சிலேயே கணக்கில் வரவுவைத்து டிடிஎஸ் பிடித்திருக்கும். கைக்கு வந்தபோதுதான் வருமானம் என்று தொடர்ந்து எழுதிவருபவருக்கு அது அடுத்த ஆண்டு வரவு; நிலுவை முறையில் எழுதுபவருக்கு இந்த ஆண்டு. எந்த முறையோ, ஆண்டுக்கு ஆண்டு மாற்றாமல் இருந்தால் மதிப்பீடு நிற்கும்.

பணம் கட்டும்போது வருமான வரித் தளத்தின் e-Pay Tax பக்கத்தில் ‘Advance Tax (100)’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2025-26 வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று குறிக்க வேண்டியிருந்தது. ஆண்டை மாற்றிப் போட்டால் பணம் போய்ச் சேர்ந்தும் தவணை கட்டாத கணக்காகிவிடும். கூடுதலாகக் கட்டிவிட்டாலும் நட்டம் பெரிதல்ல: திரும்பி வரும் தொகை வரியில் 10 சதவீதமாவது இருந்தால் மாதம் அரை சதவீத வட்டியோடு வரும். குறைத்தால் ஒன்று, கூட்டினால் அரை. ஆகவே சந்தேகம் வந்தால் டிசம்பரில் சற்றுக் கூட்டிக் கட்டுவதே லாபம்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன

அமெரிக்காவிலும் சுயதொழில் செய்பவர்கள் நான்கு தவணையாகக் கட்டுகிறார்கள். அங்கே இரண்டு தப்பும் வழிகள் உண்டு. சென்ற ஆண்டு வரி முழுவதையும், வருமானம் பெரிதென்றால் அதில் 110 சதவீதத்தையும், நான்கு தவணையில் கட்டிவிட்டால் இந்த ஆண்டு எவ்வளவு சம்பாதித்தாலும் அபராதம் இல்லை. அது முடியாவிட்டால், அந்தந்தத் தவணைவரை உண்மையில் வந்த வருமானத்தை ஆண்டுக் கணக்காக்கிக் காட்டலாம். கடைசிக் காலாண்டில் சம்பாதித்தவரை முதல் காலாண்டுக்காகத் தண்டிப்பதில்லை. பிரிட்டனில் சென்ற ஆண்டு வரியில் பாதி பாதியாக ஜனவரி 31, ஜூலை 31 என்று இரு தவணை, மதிப்பீடே தேவையில்லை. இலங்கையிலும் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. ஆனால் தவணைகள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பிப்ரவரி 15, மே 15 என்று தள்ளி வருவதால், ஆண்டு முடிந்து கணக்குத் தெரிந்த பிறகு கடைசித் தவணையைக் கட்ட முடிகிறது.

இந்தியாவில் இவற்றில் எதுவும் இல்லை. 2026 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் பிரிவு எண்களை மாற்றி, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்பதை எடுத்துவிட்டு ‘வரி ஆண்டு’ என்று வைத்தது. நான்கு தேதிகளும் சதவீதங்களும் அப்படியே தொடர்கின்றன. பங்கு விற்று மார்ச்சில் லாபம் பார்த்தவருக்கு ஜூன் தவணை கேட்கக் கூடாது என்று ஒப்புக்கொள்ளும் சட்டம், மார்ச்சில் பாலிசி விற்றவரிடம் அதைக் கேட்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. டிடிஎஸ்ஸை 2 சதவீதமாக இறக்கிச் சுமையை முகவர் கைக்கு மாற்றிய அரசு, அவருக்கும் அதே விலக்கைத் தர வேண்டும்.